இருட்டு வீடியோவில் நெளியும் புள்ளிகளை உடனே அழிக்காதீர்கள்

மங்கலான அறையில் எடுத்த வீடியோவை என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் போனிலேயே பிரைட்னஸை முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கறுப்பு சாம்பலாகியிருக்கும், முகம் மட்டும் தெரிந்திருக்காது. பிரைட்னஸ் எல்லாப் புள்ளிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைக் கூட்டுகிறது. கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த சின்ன வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அந்த வித்தியாசத்தை விரிப்பதுதான் கர்வின் வேலை. உள்ளே வரும் வெளிச்ச அளவு வெளியே எவ்வளவாக மாற வேண்டும் என்று வரையும் கோடுதான் கர்வ். கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே விவரம் பிரியும். கூடவே நெளியும் புள்ளிகளான நாய்ஸும் அதே மடங்கு பெருகும்.

சமீபத்தில் வந்தது 40 விநாடி வீடியோ. ஒரு பெரியவர் மேஜை விளக்கருகே உட்கார்ந்து பழைய கதை சொல்கிறார். விளக்கும் பிரேமுக்குள் இருந்ததால் போன் அதன் வெளிச்சத்தை வைத்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டது. 0 முதல் 255 வரையான அளவில் அவர் முகம் முழுக்க 25க்கும் 40க்கும் இடையே கிடந்தது. முதலில் வந்தது மெசேஜ் ஆப் வழியாக அனுப்பிய பிரதி. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, போனில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலை வாங்கினேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை. இருண்ட பகுதியைத் தூக்கிக் காட்டும் காமாவை முரட்டுத்தனமாக ஏற்றி, வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் நெளிந்தால் நல்ல செய்தி. சதுரம் சதுரமாக அசையாமல் நின்று, சிறிது நேரத்துக்கொரு முறை திடீரென்று மாறினால், அந்த இடத்தில் இருந்ததைக் கம்ப்ரஷன் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

நாய்ஸ் எப்படி நல்ல செய்தியாகும்? ஒரு புள்ளியின் உண்மையான அளவு 30.4 என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் வீடியோவில் 0 முதல் 255 வரை முழு எண்கள்தான் உண்டு. நாய்ஸ் இல்லாவிட்டால் எல்லா பிரேமிலும் 30 என்றே பதிவாகும், அந்த 0.4 போனது போனதுதான். நாய்ஸ் இருந்தால் ஒரு பிரேமில் 29, அடுத்ததில் 32, அப்புறம் 30 என்று தடுமாறும். பல பிரேம்களின் சராசரியை எடுத்தால் 30.4க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆகவே முதலில் பிரேம்களைச் சேர்த்து நாய்ஸைக் குறைக்கும் டீநாய்ஸ், அதற்குப் பிறகே கர்வ். இரண்டுமே ஒவ்வொரு படியையும் நாலாகப் பிரிக்கும் 10 பிட்டில். 8 பிட்டிலேயே செய்தால், கிடைத்த 30.4 மறுபடி 30 ஆகிவிடும். முகத்தின் 16 படிகளைக் கர்வ் இழுக்கும்போது கன்னத்தில் வரிவரியாகப் பட்டை விழும். வரிசையை மாற்றி, கர்வை முதலில் போட்டால் நாய்ஸ் இருட்டில் மூன்று மடங்காகவும் வெளிச்சத்தில் குறைவாகவும் இருக்கும், டீநாய்ஸுக்கு ஒரே அளவுகோல் பொருந்தாது. ffmpeg என்ற மென்பொருளில் இதைச் செய்யும் கட்டளை இது:

```
ffmpeg -i in.mp4 -vf "format=yuv420p10le,atadenoise=s=9,format=gbrp10le,curves=interp=pchip:all='0/0 0.1/0.24 0.16/0.42 0.4/0.68 1/1',format=yuv420p10le" -c:v libx265 -crf 16 -c:a copy out.mp4
```

`s=9` என்பது 9 பிரேம்களின் சராசரி. நாய்ஸ் பிரேம்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும், அதாவது மூன்றில் ஒன்றாகும். இந்தக் கர்வ் முகப்பகுதியை ஏறக்குறைய மூன்று மடங்கு விரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால், முகம் தெளிந்த பிறகும் நாய்ஸ் பழைய அளவிலேயே நிற்க வேண்டும். இது காகிதக் கணக்கு. முந்தைய பிரேமிலிருந்தே பல கட்டங்களைக் கம்ப்ரஷன் அப்படியே நகலெடுப்பதால் 9 பிரேமும் 9 தனிச் சாட்சிகள் அல்ல, நடைமுறையில் பலன் கொஞ்சம் குறைவுதான். கர்வின் தொடக்கப் புள்ளி 0/0 என்பதைக் கவனியுங்கள். கறுப்பு கறுப்பாகவே இருப்பதால்தான் படம் வெளிறவில்லை.

டீநாய்ஸ் அளவு மீறிப் போனதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம், மழுமழுவென்று இருந்தால் மனசு அதை அழகு என்று நம்பிவிடும். அதனால் எடிட்டரில் ஒரிஜினலின் மேல் டீநாய்ஸ் செய்ததை (கர்வ் போடாமல்) வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் Difference மோடில் பார்ப்பேன். வெறும் புள்ளிகள் தெரிந்தால் சரி. புருவத்தின் கோடோ சட்டைக் காலரோ தெரிந்தால், நான் எடுத்தது நாய்ஸை இல்லை, விவரத்தை. இந்த வீடியோவில் அவர் கையை ஆட்டிய இடங்களில் விரல்களின் நிழல் தெரிந்தது, அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் 5 பிரேமாகக் குறைத்தேன். அங்கே கொஞ்சம் புள்ளி மிச்சம் இருக்கிறது. ஆடும் கையில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

முகம் நன்றாகவே வந்தது, நெற்றிச் சுருக்கம்வரை. விளக்குக்கு எதிர்ப்பக்கக் கண் மட்டும் குழியாக இருண்டே இருந்தது. "அதையும் கொஞ்சம் ஏற்றக் கூடாதா சார்?" என்று அவர் மகன் கேட்டார். கர்வை இன்னும் தூக்கிக் காட்டினேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சாம்பல் சதுரங்கள் அசையாமல் நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்த மாதிரியே விட்டுடுங்க" என்றார்.