மெத்தென்ற துண்டில் தண்ணீர் ஏன் முத்தாக நிற்கிறது?

எங்கள் வீட்டு டர்க்கி டவல் ஒன்று தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். ஆனால் துவட்டினால் தண்ணீரை உடம்பில் இங்கிருந்து அங்கே தள்ளுமே தவிர உறிஞ்சாது. ஒருநாள் அதை மேசையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாமரை இலை மேல் நிற்பது போல உருண்டு நின்றது. பக்கத்தில் இருந்த பழைய துண்டில் விட்ட சொட்டு விழுந்த மாத்திரத்தில் காணாமல் போனது. இரண்டும் பருத்திதான். மெத்தென்ற துண்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் துணிக் கண்டிஷனர் போட்டு வந்தோம், வேறு வித்தியாசம் இல்லை.

கண்டிஷனரில் வேலை செய்யும் பொருள் ஒரு கொழுப்பு மூலக்கூறு. இப்போது பெரும்பாலும் எஸ்டர்குவாட் என்ற வகை. அதன் தலையில் நேர்மின்னேற்றம் உள்ள ஒரு நைட்ரஜன், பின்னால் பதினாறு, பதினெட்டு கார்பன் நீளத்துக்கு இரண்டு கொழுப்பு வால்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு லேசான எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் கடைசி அலசலில் ஊற்றியதும் மூலக்கூறுகள் தாமாகவே இழையைத் தேடிப் போய்த் தலையால் ஒட்டிக்கொள்கின்றன. சோப்புத்தூளோடு சேர்த்து ஏன் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். சோப்புத்தூளின் முக்கிய மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எதற்கும் உதவாத பிசுக்காகிவிடும்.

ஒட்டும் அளவு எவ்வளவு இருக்கும்? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஐந்து கிலோ துணிக்கு 60 மில்லி ஊற்றுகிறோம், அதில் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6 கிராம். அரைக் கிலோ துண்டின் பங்கு 0.6 கிராம். அந்தத் துண்டில் உள்ள பருத்தி இழைகளின் வெளிப்பரப்பை எல்லாம் விரித்தால் சுமார் 90 சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன வீட்டுத் தரை அளவு. அதில் 0.6 கிராமைப் பூசினால் கனம் ஏறக்குறைய 7 நானோமீட்டர், அதாவது இரண்டு மூன்று மூலக்கூறு அடுக்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுவே போதும்.

காரணம், துண்டு உறிஞ்சுவது நுண்துளை ஏற்றத்தால். இழைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்குகளில் தண்ணீர் தானாக ஏறுகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. அதற்கு இழையின் சுவர் தண்ணீரைத் தன்மேல் படர விட வேண்டும். பருத்தி விடும். கொழுப்பு வால்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுவர் விடாது. நீர் சுவரைத் தொடும் கோணம் அகல அகல இழுவிசை குறையும். அது 90 டிகிரியைத் தாண்டிவிட்டால் இடுக்குக்குள் தண்ணீர் நுழையவே நுழையாது. ஊறவைத்து அமுக்கினால் அதே துண்டு கிட்டத்தட்ட பழைய அளவு தண்ணீரைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் துவட்டுவது சில நொடி வேலை. அந்த நொடிகளில் வேகம்தான் கணக்கு.

ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் போடும் பாலியஸ்டர் பனியனில் நிலைமை இன்னும் மோசம். பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரம் வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. இழைக்குள் வியர்வை போகாது. இழைகளின் ஓரமாக வழிந்து வெளிப்பக்கத்தில் பரந்து காய வேண்டும், அவ்வளவுதான் வழி. இதற்காகவே சில இழைகளில் நெடுக்காக வாய்க்கால் போட்டு இழுக்கிறார்கள். சாயம் ஏற்றியபின் நீரை விரும்பும் ஒரு பூச்சையும் ஏற்றுவது வழக்கம். அந்தப் பூச்சின் மேல் கண்டிஷனர் படிந்தால் வியர்வை பரவாமல் தோலோடு நிற்கும். தோலின் எண்ணெய்ப்பசை வேறு கொழுப்புப் படலத்தில் சுலபமாகச் சேரும், துவைத்த பிறகும் வாடை போகாது.

சரி, கண்டிஷனர் இல்லாவிட்டால் துண்டு அப்பளமாக விறைக்கிறதே? 2020-இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. காய்ந்த பருத்தியிலும் இழை மேல் ஒட்டிய கொஞ்சம் நீர் மிஞ்சுகிறது, அது பசை மாதிரி இழைகளைக் கோத்துவிடுகிறது. கண்டிஷனர் இந்தக் கோப்பைத் தடுக்கிறது. கசக்கினாலும் அது அறுந்துவிடும். அதனால் கொடியில் போடுமுன் ஓங்கி உதறி, காய்ந்தபின் இன்னொரு தடவை உதறினால் பாதி விறைப்பு போய்விடும்.

எங்கள் டவலுக்குக் கண்டிஷனரை நிறுத்திவிட்டு, வெந்நீரில் சோப்புத்தூள் மட்டும் போட்டு மூன்று முறை துவைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே சொட்டுச் சோதனை. முதல் தடவை சொட்டு கொஞ்ச நேரம் யோசித்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் உள்ளே போனது. (கடையில் வாங்கிய புதுத்துண்டும் முதல் சில நாள் இப்படித்தான் அடம் பிடிக்கும். ஆலையிலேயே மென்மைப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள்.) பாலியஸ்டர் பனியனை மட்டும் கொதிக்கும் நீரில் போடாதீர்கள், சுருக்கம் நிலைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நாலைந்து துவைப்பு ஆகட்டும்.