31 குறைகள், ஒரு பக்கக் கடிதம்

போன மே மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் போன் வந்தது. மடிப்பாக்கத்தில் பழைய அபார்ட்மெண்ட் ஒன்றில் மேல்மாடி வீடு வாங்கப் போகும் ஆசிரியை. வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்துச் சொல்வது என் வேலை. அன்று மாலைதான் அந்த வீட்டைப் பற்றிய என் ஆய்வு அறிக்கையை அனுப்பியிருந்தேன். 46 பக்கம், 31 குறைகள், ஒவ்வொன்றுக்கும் படம்.

"சார், ஹாலில் சுவரும் கூரையும் தனித்தனியா பிரிஞ்சு நிக்குதே, இந்த வீடு விழுந்துடுமா?" குரல் நடுங்கியது. பின்னால் அவருடைய அப்பா, "வேண்டாம்னு சொல்லிடும்மா, நாளைக்கே சொல்லிடு" என்று சொல்வது கேட்டது.

அவர் சொன்ன விரிசல் அறிக்கையின் 7ஆம் பக்கத்தில் இருந்தது. வீட்டில் இருந்த குறைகளிலேயே அதுதான் மிகச் சாதாரணமானது. உயிருக்கே ஆபத்தான குறை 29ஆம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு சாதாரண பிளக் பாயின்ட் படம்தானே, பார்த்தால் பயம் வராது.

தவறு அவருடையது அல்ல. ஹாலில் தொடங்கி, படுக்கையறை, சமையலறை, குளியலறை, மொட்டைமாடி, கீழே பார்க்கிங் என்று நான் நடந்த வரிசையிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லாப் படமும் ஒரே அளவு. முதல் வீடு வாங்குகிறவருக்கு 31 குறையும் ஒரே எடைதான். அன்றிலிருந்து, எந்த அறிக்கையானாலும் முன்னால் ஒரு பக்கக் கடிதம் வைக்காமல் அனுப்புவதில்லை. அவருக்கு மறுநாள் காலையில் எழுதிய கடிதம்தான் முதலாவது.

எழுத உட்கார்ந்தபோது, எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலேயே நெடுநேரம் நின்றேன். செலவை வைத்து அடுக்கினால் மொட்டைமாடி முதலில் வரும், மின்சாரம் கடைசிக்குப் போகும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் கொடுத்தால் அவர் சிவப்பை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டையே விட்டுவிடுவார். கடைசியில் அவருடைய நாட்காட்டியை எடுத்துக்கொண்டேன். அக்ரிமெண்ட் போடும் நாள், குடிபோகும் நாள், அக்டோபர் மழை. எந்தக் குறை எந்த நாளுக்குள் முடிவாக வேண்டும் என்று கேட்டதும் வரிசை தானாக அமைந்தது.

கடிதத்தின் முதல் பத்தி இது:

> "நேற்று இரவு நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். ஹால் விரிசலால் வீடு விழாது. இந்த வீட்டில் இரண்டு விஷயங்கள்தான் உங்கள் முடிவை மாற்றக்கூடியவை: குளியலறை மின்சாரம், பார்க்கிங்கில் ஒரு பில்லர். மீதி 29 குறைகளும் 17 வருடப் பழைய வீட்டில் இருக்கக்கூடியவை."

பயந்தவரிடம் முதலில் பயத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மின்சாரத்தைப் பற்றி எழுதினால், கண் எழுத்தில் ஓடும், மனம் ஹாலிலேயே நிற்கும்.

நாள் வரிசையில் பில்லர்தான் முன்னால். ஆனால் உயிருக்கே ஆபத்து என்பதால் இங்கே மின்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கீசர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சின்ன டெஸ்டர் ஒன்று உண்டு. பிளக்கில் செருகினால் விளக்கு எரிந்து சொல்லும். இங்கே 'எல்லாம் சரி' என்றுதான் காட்டியது. எனக்குச் சந்தேகம் வந்தது வோல்ட் அளக்கும் மீட்டரில். கீசர் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வழக்கமாக ஒன்றிரண்டு வோல்ட்டாவது இருக்கும். இங்கே சுத்தமாகப் பூஜ்யம். மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். உள்ளே எர்த் ஒயரே வரவில்லை. நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயரை வளைத்துச் செருகியிருந்தார்கள். டெஸ்டரை ஏமாற்ற அது போதும்.

இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், மேலே எங்காவது நியூட்ரல் ஒயர் கழன்றால், ஃபேஸ் மின்சாரம் கீசருக்குள் போய், அந்தத் துண்டு ஒயர் வழியாகக் கீசரின் உடம்புக்கே வந்துவிடும். 230 வோல்ட். கீழே ஈரத் தரையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மின்கசிவு வந்தால் உடனே வெட்டிவிடும் ஆர்சிசிபியும் அந்த வீட்டு மின்பெட்டியில் இல்லை. மின்சாரம் அளவுக்கு மேல் போனால் விழும் எம்சிபி மட்டுமே இருந்தது. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் கொல்லும் மின்சாரம் அதற்கு மிகச் சிறியது, அதனால் அது விழாது.

இவ்வளவையும் கடிதத்தில் எழுதவில்லை. எழுதியது இதுதான்:

> "குடிபோவதற்கு முன் கட்டாயம். இன்று வீட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டேன்: சரிசெய்யும் வரை கீசரைப் போட வேண்டாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் அந்தத் துண்டு ஒயரை எடுத்துவிட்டு உண்மையான எர்த் ஒயர் இழுக்க வேண்டும், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட வேண்டும். மற்ற பிளக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். சில நாள் வேலை. ஆபத்து பெரிது, ஆனால் முழுதாகத் தீர்ந்துவிடும். இதற்காக வீட்டை விட வேண்டியதில்லை."

கடைசி இரண்டு வாக்கியமும் முக்கியம். அவசரமானது என்றால் மோசமான வீடு என்று அர்த்தமல்ல. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பில்லர் வேறு வகை. ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில், கார் கழுவும் இடம். பில்லரின் மூலையில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை நேர்க்கோடாக ஒரு விரிசல், அதன் ஓரமாகப் பழுப்புக் கறை. சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால், மேலே 'டங்' என்று கெட்டியாக வந்த சத்தம் விரிசல் பக்கத்தில் 'டொப்' என்று பொள்ளலாக மாறியது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில் வெளிக் காங்கிரீட் பிளந்து கழன்று வருகிறது. விரிசல் கம்பி போகும் பாதையிலேயே ஓடுவதுதான் இதன் அடையாளம். பூச்சு விரிசல் இப்படி நூல் பிடித்ததுபோல் ஓடாது.

அந்தக் கட்டடம் நாளைக்கே விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் துரு தானாக நிற்காது. ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் போகும். எவ்வளவு கம்பி கரைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பொள்ளலைத் தட்டி எடுத்துக் கம்பியை அளக்க வேண்டும். இன்னொன்று, பில்லர் அவருடையது மட்டுமல்ல. ஆறு வீட்டுக்காரருக்கும் பொது. மின்சாரத்தை அவர் காசு கொடுத்து நாளைக்கே சரிசெய்துகொள்ளலாம். பில்லருக்கு மற்ற ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் அதைத் தேதியில் முன்னால் வைத்தேன்:

> "அக்ரிமெண்ட் போடுவதற்கு முன். அபார்ட்மெண்ட் சங்கத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பில்லரைப் பற்றிக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்களா, சங்கக் கணக்கில் பணம் எவ்வளவு இருக்கிறது, இன்ஜினீயரை வரவழைக்கச் சம்மதமா. பதில் எழுத்தில் வரட்டும். மேலே சிமெண்ட் பூசி மூடிவிட்டோம் என்று சொன்னால் அதை வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துரு உள்ளே அப்படியே இருக்கும், உங்களால் பார்க்க முடியாமல் போகும், அவ்வளவுதான்."

பேங்க் லோன் கொடுக்கிறதே, அவர்கள் இன்ஜினீயரும் பார்த்தாரே என்று அவர் அப்பா பிறகு கேட்டார். நியாயமான கேள்வி. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வீட்டின் விலை கடனுக்குத் தாங்குமா என்பதை. அவர் பிளக்கைக் கழற்ற மாட்டார், பில்லரைத் தட்ட மாட்டார். அது அவர் வேலையும் அல்ல.

மொட்டைமாடியைப் பற்றி மூன்று வரிதான் எழுதினேன். தட்டோடுகளின் இடுக்கு பல இடத்தில் திறந்திருக்கிறது, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறது, செப்டம்பருக்குள் சங்கத்தோடு பேசிச் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மேல்மாடி வீட்டுக்கு அதுதான் பரீட்சை.

அப்புறம் அந்த ஹால் விரிசல். பீமுக்கு அடியில், செங்கல் சுவர் சேரும் இடத்தில், படுக்கை வாக்கில் நேராக ஓடியது. அளவு அட்டையை வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர். காங்கிரீட்டும் செங்கலும் வெயிலில் ஒரே அளவு நீள்வதில்லை. மேல்மாடியில் கூரை நாள் முழுதும் வெயிலில் காய்வதால் இந்தக் கோடு கீழ்மாடிகளைவிட நன்றாகத் தெரியும். பூசும்போது அந்த இணைப்பில் கோழிவலை வைத்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. ஆனாலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் பயந்தவருக்கு நம்பிக்கை வராது. கையில் ஒரு வேலை கொடுத்தேன். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னேன். முனை குறியைத் தாண்டினாலோ, படிக்கட்டு மாதிரி சாய்வாகத் திரும்பினாலோ, பக்கத்துக் கதவு திடீரென்று இடிக்க ஆரம்பித்தாலோ கூப்பிடுங்கள் என்றேன்.

கடைசிப் பத்தியில் நான் பார்க்காததை எழுதினேன். ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பார்க்கவில்லை. படுக்கையறையில் சுவரோடு அடித்த அலமாரிக்குப் பின்னால் பார்க்கவில்லை. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் தெரியாது. பார்த்தது மே மாதம், மூன்று வாரமாக மழை இல்லை, அதனால் கூரையில் ஈரம் இல்லை என்பது கசிவு இல்லை என்று ஆகாது. இதை எழுதினால் வாங்குகிறவர் இன்னும் பயப்படுவார் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். எதுவரை தெரியும் என்று சொன்னால்தான் தெரிந்ததை நம்புவார்கள் என்பது என் எண்ணம்.

மறுநாள் மாலை அவர் பேசியபோது ஹாலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "சார், சங்கச் செயலாளர் நம்பர் வாங்கிட்டேன். இன்ஜினீயர் வந்தா என்ன என்ன கேக்கணும்?" என்றார். அக்ரிமெண்ட் நாலு வாரம் தள்ளிப்போனது. இன்ஜினீயர் பில்லரைத் திறந்து பார்த்து, கம்பி வேலையும், பில்லரைச் சுற்றிப் புதுக் காங்கிரீட் போர்த்தும் ஜாக்கெட்டிங்கும் சொன்னார். ஆறு வீடும் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்து எழுத்தில் கொடுத்தார்கள், விற்பவர் தன் பங்கை விலையில் கழித்தார். மின்சார வேலையையும் அவரே செய்து கொடுத்தார். ஆகஸ்டில் குடிபோனார்கள்.

நவம்பரில் ஒரு படம் வந்தது. ஹால் விரிசல், என் கடிதத்தில் சொன்ன பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. நகரவில்லை. அடுத்த படம் படுக்கையறைக் கூரையின் மூலை, ஒரு கையகல ஈரம். பின்னால் பார்க்கவில்லை என்று நான் எழுதிய அதே அலமாரிக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் பின்பலகையைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.