அறிக்கையில் 250 என்றால் 250 கிலோ யூரியா அல்ல

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் மண் பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பின்னாடியே கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், மக்காச்சோளம் போடலாம்னு இருக்கறனுங்க. அமிலம் 8.4ன்னு போட்டிருக்குது. புளிப்பு ஜாஸ்தி, சுண்ணாம்பு போடோணும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றாருங்க. யூரியா ஏக்கராவுக்கு 250 கிலோங்களா?"

படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. எண்கள் இருந்தன, அலகு இருந்த கட்டம் இல்லை. துத்தநாகம் 0.7 என்பது தாள் மடிப்பில் புள்ளி மறைந்து 7 போலத் தெரிந்தது. தாளை வெளிச்சத்தில் தட்டையாக வைத்து நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். புள்ளி ஒன்று தவறினால் பற்றாக்குறை மண் செழிப்பான மண்ணாகிவிடும்.

மண் எங்கே எடுத்தது என்றும் கேட்டேன். குப்பைக்குழி ஓரத்திலோ, போன போகத்து உரம் கிடந்த இடத்திலோ எடுத்திருந்தால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பொய்யாகக் கூடிக் காட்டும். அவர் தோட்டத்தில் பரவலாகப் பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, கலந்து, அதிலிருந்து அரைக்கிலோ கொடுத்திருந்தார். ஆகவே அந்த எண்களை நம்பிப் பேச முடிந்தது.

முதலில் அந்த 8.4. அந்தக் கட்டத்தின் பெயர் 'அமில கார நிலை'. எண் கூடினால் புளிப்பு கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், நிஜம் நேர்மாறு. 7 நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம். சுண்ணாம்பு போடுவது நீலகிரி மாதிரி அமில மண்ணுக்கு. இவருடைய மண்ணிலோ சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. அறிக்கையிலேயே 'சுண்ணாம்புத் தன்மை: உண்டு' என்று ஒரு வரி இருந்தது. கொங்குச் செம்மண்ணில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கட்டி வரும். மண் காரமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

"அப்ப ஜிப்சம் போடலாங்களா?" என்றார். ஜிப்சம் சோடிய உப்பு ஏறிய களர் மண்ணைத் திருத்தும். சுண்ணாம்பால் வந்த காரத்தை அது இறக்காது. 8.5-ஐத் தாண்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கினால், சோடியத்தைத் தனியாகப் பரிசோதித்துவிட்டுத்தான் ஜிப்சம் வாங்க வேண்டும். இவர் நிலத்துக்கு வேண்டாம்.

அடுத்தது உர அளவு. தழைச்சத்து குறைவு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதிகம் என்று அறிக்கை சொன்னது. பரிந்துரை 250 : 56 : 56. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒன்று, இந்தக் கணக்கு ஹெக்டேருக்கு. ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். இரண்டு, இவை சத்தின் கிலோ, மூட்டையில் இருக்கும் உரத்தின் கிலோ இல்லை. நூறு கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோதான். அதனால் இரண்டரையால் வகுத்துவிட்டு, "ஏக்கருக்கு நூறு கிலோ யூரியா போதும்" என்று நிறுத்திக்கொண்டாலும் ஆபத்து. பயிருக்குத் தேவையில் பாதிகூடப் போய்ச் சேராது.

அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஏக்கருக்குத் தழை 100 கிலோ, மணி 23, சாம்பல் 23 வேண்டும். ஒரு மூட்டை டிஏபியில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ இருக்கிறது. வழக்கமாக இரண்டு மூட்டை போடுகிறவர் அவர். இந்த மண்ணுக்கு ஒன்றே போதும். பொட்டாஷ் 38 கிலோ. மீதித் தழைச்சத்துக்கு யூரியா 200 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் நாலரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. டிஏபி, பொட்டாஷ் முழுவதையும், யூரியாவில் 35 கிலோவையும் அடியுரமாகப் போட வேண்டும். 25-ஆம் நாள் 110 கிலோ யூரியா, 45-ஆம் நாள் மீதி 55 கிலோ. சுண்ணாம்பு மண்ணில் யூரியாவை மேலாக வீசிவிட்டுப் போனால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். செடியோரம் வைத்து மண் அணைத்து, உடனே தண்ணீர் கட்டச் சொன்னேன்.

அவர் பார்க்காமல் விட்ட வரிதான் எனக்குக் கவலையாக இருந்தது: துத்தநாகம் 0.7. தமிழ்நாட்டில் 1.2-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. சுண்ணாம்பு மண் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போன தடவை மக்காச்சோளம் முளைத்துக் கொஞ்ச நாளில் குருத்து வெளுத்ததா என்று கேட்டேன்.

"ஆமாங்க, யூரியா பத்தலைன்னு நினைச்சு இன்னொரு மூட்டை போட்டனுங்க."

தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே வரும். துத்தநாகக் குறைவு இளம் இலையில், நரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து, விதைப்புச் சமயத்தில் தூவச் சொன்னேன். டிஏபியோடு மட்டும் கலக்கக் கூடாது. இரண்டும் கட்டிக்கொண்டு இரண்டுமே பயிருக்குக் கிடைக்காமல் போகும்.