ஜெட்டியில் எடுத்த படமும் அரியமான் மணல்திட்டும்

உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பாம்பன் ஜெட்டியில் சுவரில் ஒட்டியிருந்த கடல் ஏற்ற வற்ற அட்டவணையைக் கைபேசியில் எடுத்த படம். ஞாயிற்றுக்கிழமை எட்டு வயது மகளோடு அரியமான் கரையோரமாக நடந்து, வற்றத்தில் வெளியே தெரியும் ஒரு மணல்திட்டு வரை போய்வர நினைக்கிறார். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தாழ்வு இருக்கிறதாம். "9.30க்கு 0.22 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த நேரத்தில் தாழ்வில் 22 சென்டிமீட்டர் தண்ணீர்தான் நிற்குமா?" என்று கேட்கிறார்.

இல்லை. அந்த 0.22க்கும் அவர் கால் வைக்கப்போகும் இடத்தின் ஆழத்துக்கும் நேரடியாக ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் தொடர்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

முதலில் படத்தைச் சரிபார்ப்போம். இந்த மாதிரிப் படங்களில் கீழே உள்ள எண்கள் பளிச்சென்று விழும், தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். எந்தத் துறைமுகம், எந்த மாதம், எந்த ஆண்டு என்பது தலைப்பில்தான் இருக்கிறது. தூத்துக்குடி அட்டவணையை வைத்துக்கொண்டு அரியமானில் நடக்க முடியாது. நேரம் இந்திய நேரமா என்றும் பாருங்கள். சில அட்டவணைகளின் மேலே -0530 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கப் போகாதீர்கள், அச்சிட்டிருப்பதே இந்திய நேரம்தான். வாசகரின் படத்தில் தலைப்பு முழுதாக இருந்தது, நல்லது. கணக்கு எளிதாக வர, எண்களைக் கொஞ்சம் சீராக்கி எழுதுகிறேன்.

```
சனி     0840  0.26
        1450  0.64
ஞாயிறு  0320  0.74
        0930  0.22
        1540  0.66
        2150  0.28
```

இடது பக்கம் நேரம், வலது பக்கம் மீட்டரில் உயரம். உயரம் என்றால் எதிலிருந்து? கடல் வழக்கமாக இதற்குக் கீழே இறங்காது என்று துறைமுகத்தில் ஒரு மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருப்பார்கள். 0.22 என்றால் கடலின் மேல்மட்டம் அந்தப் பூஜ்யத்துக்கு 22 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். உங்கள் தாழ்வின் தரை அந்தப் பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது அட்டவணை போட்டவருக்குத் தெரியாது.

அதனால்தான் அவரை சனிக்கிழமையே ஒரு நடை போய்வரச் சொன்னேன். மகள் வேண்டாம், ஒரு குச்சியும் கைக்கடிகாரமும் போதும். சனிக்கிழமை வற்றம் 8.40, ஏற்றம் 2.50. இரண்டுக்கும் சரிபாதி நேரம் 11.45. அப்போது மட்டமும் பாதியில் இருக்கும்: 0.26க்கும் 0.64க்கும் நடுவே, 0.45. அந்த நேரத்தில் தாழ்வின் ஆழமான இடத்தில் குச்சியை நட்டு, எவ்வளவு நனைகிறது என்று பார்க்க வேண்டும். 25 சென்டிமீட்டர் நனைந்தது என்று வைத்துக்கொள்வோம். 45இல் 25 போனால் 20. தாழ்வின் தரை, அட்டவணையின் கணக்கில் 0.20இல் இருக்கிறது. இனி எந்த நாளின் எண்ணைப் பார்த்தாலும் அதிலிருந்து 20ஐக் கழித்தால் தாழ்வில் நிற்கும் தண்ணீர் கிடைத்துவிடும். ஞாயிறு காலை 9.30க்கு 2 சென்டிமீட்டர். பாதம்கூட முழுக்க நனையாது.

சரி, போவது எளிது. திரும்புவதுதான் விஷயம். திட்டின் மேல் நிற்பவர் முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரோ முதுகுக்குப் பின்னால் தாழ்வில்தான் முதலில் நிறையும். திட்டு காய்ந்தே கிடக்கும்போது கரைக்குப் போகும் வழி மூழ்கியிருக்கும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு 20 சென்டிமீட்டர், அதாவது கெண்டைக்காலில் பாதி, எல்லை என்று நான் வைத்தேன். அப்படியானால் கடல் மட்டம் 0.40ஐத் தொடுவதற்குள் தாழ்வைத் திரும்பக் கடந்துவிட வேண்டும். ஞாயிறு ஏற்றம் 0.22இலிருந்து 0.66 வரை, மொத்தம் 44 சென்டிமீட்டர், ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதைச் சமமாகப் பங்கு போடக் கூடாது. ஊஞ்சல் ஓரத்தில் தயங்கி நின்று நடுவில் விரைந்து வருவது போலத்தான் கடலும். மாலுமிகளின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. இங்கே முதல் மணியில் 4 சென்டிமீட்டர்கூட ஏறாது. இரண்டு மணி நேரத்தில் 11, மூன்று மணி நேரத்தில் 22. நமக்கு வேண்டிய 18 சென்டிமீட்டர் ஏற்றம் ஏறத்தாழ 12.10க்கு வந்துவிடும்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல் இருப்பதுதான் ஆபத்து. "தண்ணி அப்படியேதான் நிக்குது" என்று உட்கார்ந்துவிடுவோம். மூன்றாம் மணியில் 11 சென்டிமீட்டர் ஏறும். நம் வடகடல் கரை, அதாவது பாக் விரிகுடாக் கரை, தட்டையானது. 200 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் என்ற சரிவில், 11 சென்டிமீட்டர் ஏற்றம் என்பது தண்ணீர் விளிம்பு 22 மீட்டர் உள்ளே வருவது.

இதுவரை சொன்னது சந்திரனும் சூரியனும் செய்யும் வேலை. அட்டவணைக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, காற்று.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். எதிர் ஓரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். அண்டாவில் ஊதினால் அப்படித் தெரியாது. காற்று இரண்டிலும் மேற்பரப்பை ஒரே அளவுதான் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் ஓர் ஓரத்தில் குவிந்து நீர்மட்டம் சாய்கிறது. சாய்ந்த மட்டம் தண்ணீரைத் திருப்பித் தள்ளுகிறது. இந்தத் திருப்பித் தள்ளல் மேற்பரப்பில் மட்டும் நடப்பதில்லை, மேலிருந்து அடிவரை உள்ள முழுத் தண்ணீரிலும் நடக்கிறது. ஆழம் அதிகமாக இருந்தால், கொஞ்சம் சாய்ந்தாலே காற்றின் தள்ளலை ஈடுகட்டிவிடும். ஆழம் குறைவென்றால் ஈடுகட்டுவதற்கு நிறைய சாய வேண்டும். காற்று ஒன்றே ஆனாலும், ஆழமற்ற கடல்தான் அதிகம் சாயும்.

இதை நேரில் பார்க்க ராமநாதபுரம் மாவட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, சராசரி ஆழம் ஒன்பது, பத்து மீட்டர்தான். தெற்கே மன்னார் வளைகுடா, நடுக்கடலில் ஆயிரம் மீட்டரையும் தாண்டும். ஒன்று தட்டு, இன்னொன்று அண்டா. கோடியக்கரையிலிருந்து மண்டபம் வரை வடக்கு தெற்காகச் சுமார் 110 கிலோமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வாடைக்காற்று அந்தத் தூரம் முழுக்க விடாமல் அடித்தால், மண்டபம் பக்கத்தில் மட்டம் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரும் என்று கணக்கு வருகிறது. தென்கடலில் அதே காற்று செய்யும் மாற்றம் மிகச் சிறிது. வாடைக் காலத்தில் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் வடகடல் தண்ணீர் தென்கடலுக்குள் ஓடுவது தெரியும். தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் வடக்கே திரும்பிவிடும்.

15 சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறி இறங்கும் கடலில் அது ஒன்றுமில்லை. நம் கடலின் மொத்த ஏற்றமே அரை மீட்டர். அதில் 15 என்பது மூன்றில் ஒரு பங்கு. வாசகரின் கணக்கில் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காற்றில்லை, ஞாயிறு வாடை எழுந்துவிட்டது. 9.30க்குத் தாழ்வில் 2 அல்ல, 17 சென்டிமீட்டர். இன்னும் 3 ஏறினால் நாம் வைத்த எல்லை. அது 10.30க்கே வந்துவிடும். அட்டவணை 12.10 வரை நேரம் தருகிறது, காற்று அதில் ஒரு மணி நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொண்டது.

நல்ல வேளையாக இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 9.30க்குத் தாழ்வில் இறங்கும்போதே அளந்து பாருங்கள். 2 வரவேண்டிய இடத்தில் கணுக்கால் மூழ்கினால் கடல் அட்டவணைப்படி இல்லை, அன்றைக்குத் திட்டுக்குப் போகாமல் கரையோடு நடந்துவிட்டு வரலாம். சரியாக இருந்தால், தாழ்வில் குச்சியை நட்டு, 20 சென்டிமீட்டரில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள். தண்ணீர் துணிக்கு நான்கு விரல் கீழே வரும்போதே கிளம்ப வேண்டும், துணியைத் தொட்ட பிறகு அல்ல. தாழ்வைக் கடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் அடிக்கும்.

இதே காற்றுக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயமும் விளங்கும். 'கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டின, மக்கள் பீதி' என்று பாம்பன், மண்டபம் பற்றி அடிக்கடி செய்தி வரும். தெற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும்போது வடகடல் தண்ணீர் கரையை விட்டுத் தள்ளப்படுகிறது. அதோடு நல்ல வற்றமும் சேர்ந்தால் நூறு மீட்டர் தரை வெளியே தெரிவதில் அதிசயமில்லை. உடனே ஏதோ கெட்ட சகுனம் என்று கைபேசியில் செய்தி பறக்கும். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த மக்களின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வித்தியாசத்தை நேரம் சொல்லும். வற்றம் மணிக்கணக்கில் மெதுவாக இறங்கும். சில நிமிடங்களில் கண்ணெதிரே கடல் இழுத்துக்கொண்டு போனால், அட்டவணையைத் தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

ஒவ்வொரு ஜெட்டியின் தூணிலும் சென்டிமீட்டர் கோடு போட்ட ஓர் அளவுகோலை வரைந்து, பக்கத்தில் அன்றைய அட்டவணை எண்ணைத் தமிழில் எழுதி வைத்தால் இந்தப் பீதியில் பாதி இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றின் வேலை என்று பள்ளிப் பிள்ளைகளே படித்துச் சொல்லிவிடுவார்கள். கடல் ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் பெயின்ட் டப்பாவுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

வாசகரின் கடைசிக் கேள்வி: அடுத்த வாரம் சேதுக்கரைக்கும் இதே கணக்கு போதுமா? போதாது. அது தென்கடல். அங்கே காற்று மட்டத்தை அவ்வளவாக மாற்றாது, ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த பேரலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வந்து கரையேறும். கள்ளக்கடல் என்பது அதுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, அதில் ராமநாதபுரம் கரையின் பெயரும் வரும். அந்த எச்சரிக்கை இருக்கிற நாளில் அட்டவணையில் எந்த எண் இருந்தாலும் தென்கடல் ஓரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.