வைட்டமின்: பத்துப் பக்கப் பதிவை மூன்று வாக்கியத்தில் சொல்வது

கலைக்களஞ்சியங்களில் வைட்டமின் பற்றிய பதிவு பக்கம் பக்கமாகப் போகும். கண்டுபிடித்த கதை, பதின்மூன்று வகைகள், எந்தக் காயில் எது இருக்கிறது, குறைந்தால் என்ன நோய் என்று எல்லாம் வரும். அத்தனையையும் படித்த பிறகும் "சரி, வைட்டமின் என்றால் என்ன?" என்று ஒருவர் கேட்டால் பலருக்குப் பதில் வராது. அதைச் சுருக்கி எழுதினால் இப்படி வரும்:

வைட்டமின் என்பது உடல் இயல்பாக வளரவும் இயங்கவும் மிகச் சிறிய அளவில் தேவைப்படும், ஆனால் உடலால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாத ஒரு கரிமச் சேர்மம். அது ஆற்றல் தருவதில்லை, உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளுக்குத் துணை நிற்கிறது, நெடுநாள் கிடைக்காமல் போனால் அதற்குரிய குறைபாட்டு நோய் வருகிறது. மனிதருக்குத் தேவையான வைட்டமின்கள் 13: ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, சி-யும் பி வகை எட்டும் நீரில் கரைபவை.

முக்கியத் தகவல்கள்:

- பெயர் வைத்தவர் போலந்தில் பிறந்த காசிமிர் ஃபங்க், 1912-இல், லண்டனில் வேலை செய்தபோது.
- சொல் பிறந்தது 'வீட்டா' (லத்தீனில் உயிர்), 'அமீன்' (நைட்ரஜன் உள்ள ஒரு வகைச் சேர்மம்) இரண்டும் சேர்ந்து.
- தேவைப்படும் அளவு வகைக்கு வகை பெரிதும் மாறும். சி நாளுக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம் வேண்டும்; பி12 இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.
- டி விதிவிலக்கு. வெயில் பட்டால் தோலே அதை உண்டாக்கும்.
- தமிழில் உயிர்ச்சத்து. இலங்கைப் பாடநூல்களில் விற்றமின் என்ற எழுத்துக்கூட்டலும் உண்டு.

முதல் வாக்கியத்தில்தான் அதிக உழைப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லும் எதையோ வெளியே நிறுத்துகிறது. 'கரிமச் சேர்மம்' என்பதை எடுத்துவிட்டால் இரும்பும் அயோடினும் உள்ளே வந்துவிடும். அவையும் சிறிதளவுதான் தேவை, அவற்றையும் உடல் உண்டாக்காது, ஆனால் அவை தாது உப்புகள். 'மிகச் சிறிய அளவில்' என்பதை எடுத்தால் உணவில் இருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் நுழையும். அவை கிராம் கணக்கில் வேண்டும். 'உடலால் உண்டாக்க முடியாத' என்பதை எடுத்தால் இயக்குநீர்கள், அதாவது ஹார்மோன்கள், வந்துவிடும். 'போதிய அளவு' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள், வெயிலில் உண்டாகும் டி வெளியே விழுந்துவிடும். எழுதிய வரையறை சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: பக்கத்தில் இருக்கும் வேறு பொருள்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

'உயிர்ச்சத்து என்பது உயிர் வாழத் தேவையான சத்து' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது பெயரைப் பிரித்துத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குப் புரதமும் பொருந்தும். இன்னொரு பிழை, ஏழெட்டு வாக்கியங்களை 'மேலும்', 'மற்றும்' போட்டு ஒட்டி மூன்று என்று கணக்குக் காட்டுவது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் இது வராது. மேலே முதலாவது அது என்ன என்கிறது, இரண்டாவது என்ன செய்கிறது என்கிறது, மூன்றாவது எத்தனை, எப்படிப் பிரிகிறது என்கிறது. ஆண்டு, ஆள், ஊர் எல்லாம் தகவல் பட்டியலுக்குப் போகும். அவற்றை நீக்கினாலும் வைட்டமின் வைட்டமின்தானே.

பட்டியலுக்கு அனுப்பிய அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் பொருள் அங்கேதான் உருவானது. 1890-களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், கால்களைச் செயலிழக்கச் செய்யும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கோழிகளுக்கும் அதே மாதிரி கால்கள் செயலிழந்தன, அப்புறம் தாமாகவே குணமாயின. விசாரித்தால், நோய் வந்த நாள்களில் கோழிகள் தின்றது மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கோழிக்குத் தர மறுத்த பிறகு, தீட்டாத அரிசி தின்று அவை தேறின. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் ஐக்மன் முதலில் நினைத்தார். அவரை அடுத்து அங்கே ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901-இல் அதைத் திருப்பிப் போட்டார்: அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை, தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒன்று உடலுக்கு வேண்டும். இல்லாமை நோயை உண்டாக்கும் என்ற இந்த எண்ணம்தான் வரையறையின் இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது.

இதே காலத்தில் மலாயாவில் ஆங்கிலேய மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள அந்தப் பொருள், அதாவது பி1 வைட்டமின், அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

தவிட்டில் இருந்து அந்தப் பொருளைப் பிரிக்க முயன்ற ஃபங்க், அது ஓர் அமீன் என்று கருதியே பெயர் வைத்தார். பெரிபெரி தவிர ஸ்கர்வி போன்ற நோய்களுக்கும் இப்படிப்பட்ட பொருள்களின் குறைவே காரணம் என்றும் சொன்னார். அந்தக் கருத்து நிலைத்தது, அமீன் நிலைக்கவில்லை. ஏ, சி, டி, ஈ, கே எதிலும் நைட்ரஜனே கிடையாது. அதனால் 1920-இல் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் சொல்லின் கடைசி ஆங்கில எழுத்தை நீக்கிவிடலாம் என்றார். வைட்டமைன் வைட்டமின் ஆனது இப்படித்தான். வேதியியல் தவறு எழுத்தளவில் மறைந்தது.

தமிழ்ச்சொல்லுக்கு அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. உயிர்ச்சத்து என்பது 'வீட்டா'வை மட்டும் எடுத்துக்கொண்டு அமீனை விட்டுவிட்டது. அதனால் மூலச்சொல்லைவிட இது துல்லியமானது என்பேன். ஒரே ஒரு எச்சரிக்கை: உயிர்ச்சத்து, ஊட்டச்சத்து, நுண்ணூட்டச்சத்து மூன்றையும் கலந்து எழுதக்கூடாது. ஊட்டச்சத்தில் மாவும் கொழுப்பும் புரதமும் அடங்கும். நுண்ணூட்டச்சத்தில் உயிர்ச்சத்தோடு இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களும் சேரும். தலைப்பில் உயிர்ச்சத்து என்று போட்டு, வகைகளைச் சொல்லும்போது வைட்டமின் ஏ, பி12 என்று எழுதினால் மருந்துச்சீட்டைப் பார்ப்பவருக்கும் குழப்பம் வராது.

மூன்றாம் வாக்கியத்தின் முதல் சொல்லான 'மனிதருக்கு' என்பதையும் நீக்கக்கூடாது. ஆடும் நாயும் சி-யைத் தம் உடலுக்குள்ளேயே செய்துகொள்கின்றன; அவற்றுக்கு அது வைட்டமினே இல்லை. நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. சி குறைவால் வரும் ஸ்கர்வியை ஆராய்ந்தவர்களுக்குக் கினிப்பன்றி அவ்வளவு உதவியதும் அதனால்தான்.