வைஃபை பெயரை மறைத்தால் யாருக்குத் தெரியாமல் போகும்?

திருப்பூர், பல்லடம், ஈரோடு பக்கம் சிறு கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்து தருகிறேன். ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தால் அடிக்கடி இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். `Hide SSID` போட்டு வைஃபை பெயரை மறைத்திருப்பார்கள். `MAC Filter` போட்டு, பட்டியலில் உள்ள ஃபோனும் லேப்டாப்பும் மட்டுமே சேரும்படி செய்திருப்பார்கள். "யாரும் திருட முடியாது, நெட்டும் வேகமாகும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டுமே நடப்பதில்லை. ஏன் என்று ஒரு பனியன் கம்பெனியில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

அங்கே மதியத்துக்கு மேல் நெட் இழுக்கிறது என்பதுதான் புகார். பக்கத்து ஆட்கள் திருடுகிறார்கள் என்று நினைத்து, ஏற்கெனவே ஒருவரை வைத்து இந்த இரண்டையும் போட்டிருந்தார்கள். பிறகும் வேகம் கூடவில்லை. முதலாளி என்னிடம் கேட்டார்: "பேரே வெளிய தெரியாதுங்களே தம்பி, அப்புறம் எப்படிங்க உள்ள வர முடியும்?"

அவர் அனுமதியோடு, அவர் நெட்வொர்க்கிலேயே காட்டினேன். பெயரை மறைத்தாலும் ரவுட்டர் தன் அறிவிப்பை நிறுத்துவதில்லை. நொடிக்குச் சுமார் பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதில் பெயர் இருக்கவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். அறிவிப்பின் எண்ணிக்கை குறையாததால் காற்றில் நெரிசலும் குறையாது, வேகமும் கூடாது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் உள்ளே பவர் டேபிள் ஓடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் இது.

பெயராவது மறைந்ததா என்றால், அதுவும் இல்லை. மறைந்த நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு ஃபோனும் அந்தப் பெயரைத் தானே சொல்லிக் கேட்டாக வேண்டும். அந்தப் பேச்சு குறியாக்கம் தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது. லேப்டாப்பின் வைஃபையை மானிட்டர் முறையில் வைத்து, காற்றில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, சேர்க்கைக் கோரிக்கைகளை மட்டும் காட்டச் சொன்னேன்:

```
wlan.fc.type_subtype == 0
```

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். முதல் ஃபோன் சேர்ந்ததுமே கம்பெனியின் வைஃபை பெயர் திரையில் எழுத்து எழுத்தாக வந்துவிட்டது. இன்னொரு தீங்கும் உண்டு. மறைந்த பெயரை நினைவில் வைத்திருக்கும் ஃபோன், எங்கே போனாலும் "அந்த நெட்வொர்க் இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். கம்பெனிக்குள் ஒளித்த பெயரை மெர்ச்சண்டைசரின் ஃபோன் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அறிவிக்கும். பேட்டரியும் வீணாகும்.

அடுத்தது முகவரிப் பட்டியல். ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட MAC முகவரி உண்டு. கடவுச்சொல் போட்டு, உள்ளே போகிற தகவலையெல்லாம் குறியாக்கம் செய்தாலும், இந்த முகவரி மட்டும் மூடப்படாமலே போகும். எந்தத் தகவல் பொட்டலம் யாருக்கு என்று கருவிகள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. ஆகவே பட்டியலில் உள்ள முகவரிகளைக் காற்றிலிருந்தே படித்துவிடலாம். லேப்டாப்பின் முகவரியை அப்படியே மாற்றிக்கொள்ள ஒரு கட்டளை போதும். அப்படி மாற்றிக்கொண்டு நுழையப் பார்ப்பவரைத் தடுப்பது கடவுச்சொல் ஒன்றுதான். கடவுச்சொல்லை உடைக்கத் தெரிந்தவருக்கு முகவரியை மாற்றுவது பெரிய வேலையே இல்லை.

உண்மையில் அந்தப் பட்டியல் தடுத்தது சொந்த ஆட்களைத்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் வைஃபையில் உண்மையான முகவரியைக் காட்டாமல், தாமே உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படி உருவானது. ஃபோன் டப்பாவில் அச்சிட்ட முகவரியைப் பட்டியலில் ஏற்றினால் ஃபோன் சேராது. கட்டிங் மாஸ்டர் புது ஃபோன் வாங்கிவிட்டு நெட் இல்லாமல் தவித்தது இதனால்தான். ஒருவரைத் தடுக்கப் பட்டியல் போட்டாலும், அவர் ஃபோனில் அந்த அமைப்பை மாற்றிவிட்டு வேறு முகவரியோடு வந்துவிடுவார்.

இவ்வளவும் போட்டுவிட்டு, கடவுச்சொல்லாக என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? கம்பெனியின் கைபேசி எண். வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் அதே எண்!

பலகையில் இல்லாத எண்ணாக இருந்தாலும் ஆபத்துதான். WPA2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், ஒரு கருவி சேரும்போது ரவுட்டரோடு நடக்கும் தொடக்கப் பேச்சை, அதாவது கைகுலுக்கலை, ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும், வீட்டில் உட்கார்ந்து ஊகித்துப் பார்க்கலாம். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். அந்தக் கணக்கில் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். பெயரை மறைத்ததும் பட்டியல் போட்டதும் இந்தக் கணக்கில் ஒரு நொடியைக்கூடக் கூட்டாது.

அதனால் நான் முதலில் மாற்றியது கடவுச்சொல்லைத்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை, ஒரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் பிரித்து எடுத்தோம். `sombu-kizhakku-thaaru-pudhan-nool` மாதிரி இருக்கும், இதையே வைத்துவிடாதீர்கள். ரவுட்டரில் வசதி இருந்ததால், WPA2-க்கு அடுத்து வந்த WPA3-ஐ இயக்கினேன். அதில் பதிவு செய்து எடுத்துப்போய் ஊகிக்க முடியாது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே நேரில் வந்து கேட்கவேண்டும். பழைய பிரிண்டர் WPA3-இல் சேரவில்லை. அதனால் `WPA2/WPA3` கலப்பு முறையில் வைத்தேன். கலப்பு முறையில் WPA2 வழி திறந்தே இருக்கும், அதனால்தான் கடவுச்சொல் நீளம் இங்கே இன்னும் முக்கியம். கடவுச்சொல் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் WPS வசதியை அணைத்தேன். அதன் எட்டு இலக்க எண்ணை ஏறக்குறைய 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பையர் தரப்பில் செக்கிங்குக்கு வருபவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தனியாக விருந்தினர் நெட்வொர்க் ஒன்று. அதிலிருந்து அலுவலகக் கணினிகள் தெரியாது.

இனி வேகம். திருட்டா, வேறு காரணமா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. வேகம் குறையும் அதே நேரத்தில் லேப்டாப்பைக் கேபிள் போட்டு ரவுட்டரோடு இணைத்துச் சோதியுங்கள். யாரோ இணைப்பையே நிரப்புகிறார்கள் என்றால் கேபிளிலும் வேகம் குறையும். அங்கே 100 எம்பி திட்டத்தில் கேபிளில் 93 வந்தது, வைஃபையில் 9 மட்டும். இணைப்பில் குறையில்லை, காற்றில்தான் நெரிசல்.

காரணம் அவர்களுடைய கேமராக்கள். ஆறும் வைஃபையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நாள் முழுக்கப் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. மதியம் சுற்றிலும் உள்ள கம்பெனிகளின் வைஃபையும் சேர்ந்துகொண்டது. ரவுட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், மூன்றாம் சேனலில் உட்கார்ந்து இருபக்கத்தாரோடும் மோதிக்கொண்டிருந்தது. கேமராக்களுக்குக் கேபிள் இழுத்தோம். அகலத்தை 20 ஆக்கி, 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த 11-இல் வைத்தோம். அலுவலக லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் மதியத்திலும் 80-க்கு மேல் வந்தது.

வேகத்தைத் தொடுகிற பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. பழைய ரவுட்டர்களில் குறியாக்கம் `TKIP` என்று இருந்தால், புதிய கருவியும் 54 எம்பிக்கு மேல் போகாது, பாதுகாப்பும் பலவீனம். அதை `AES` ஆக்கிவிடுங்கள்.

பெயரை மீண்டும் வெளிக்காட்டியபின் ஒரு வேலை மீதி இருக்கிறது. ஃபோன்கள் பழைய பதிவை மறைந்த நெட்வொர்க் என்றே நினைவில் வைத்திருக்கும், போகிற இடமெல்லாம் பெயரைக் கூப்பிடும். ஒவ்வொரு ஃபோனிலும் அந்தப் பதிவை அழித்துவிட்டு, பட்டியலில் தெரியும் பெயரைத் தொட்டுப் புதிதாகச் சேரச் சொல்லுங்கள்.