பங்கீட்டுப் பண்பு: பல்லுறுப்புக் கோவைகளைக் கட்டம் போட்டுப் பெருக்குவது

3(x + 5) என்பதை விரித்து எழுதச் சொன்னால், புதிதாகப் படிப்பவர்களில் பலர் 3x + 5 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 3x + 15. இந்தத் தவறுக்குப் ‘பங்கீடு’ என்ற சொல்லும் கொஞ்சம் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பங்கிடுவது என்றால் இருப்பதைக் கூறு போட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது என்றுதான் நம் காதில் விழுகிறது. கணக்கில் நடப்பது அதுவல்ல. வெளியே நிற்கும் 3 கூறுபடுவதே இல்லை. கல்யாண வீட்டில் கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் முழுத் தாம்பூலப் பை ஒன்று போவதுபோல, அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் முழு 3 போய்ச் சேருகிறது. x-க்கு ஒரு 3, 5-க்கு ஒரு 3.

ஆங்கிலத்தில் இதை டிஸ்ட்ரிபியூட்டிவ் என்பார்கள். பகிர்ந்தளிப்பது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். கணிதத்தில் இதை ஒரு பண்பின் பெயராக ஆக்கியவர் பிரெஞ்சுக் கணிதர் செர்வுவா, ஆண்டு 1814. பெயர்தான் புதிது, கருத்து மிகப் பழையது. யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ இரண்டாம் புத்தகத்தின் முதல் தேற்றமே இதுதான்: ஒரு செவ்வகத்தின் ஒரு பக்கத்தைத் துண்டுகளாக வெட்டினால், அந்தத் துண்டுகளின் மேல் அமையும் சிறு செவ்வகங்களின் பரப்புகளைக் கூட்டினால் முழுச் செவ்வகத்தின் பரப்பு கிடைக்கும். தமிழில் பங்கீட்டுப் பண்பு என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட பெயர். முழுதாகச் சொன்னால், கூட்டலின் மீதான பெருக்கலின் பங்கீட்டுப் பண்பு. a(b + c) = ab + ac.

கூடவே வரும் இன்னொரு சொல் பல்லுறுப்புக் கோவை, அதாவது பாலினாமியல். அதன் முன்பாதி ‘பல’ என்னும் கிரேக்கச் சொல், பின்பாதி ‘பெயர்’ என்னும் லத்தீன் சொல்லோடு சேர்ந்தது. நேராக மாற்றினால் ‘பல பெயருடையது’ என்று வரும். அது நமக்கு எதையும் விளக்காது. தமிழில் அப்படி மாற்றாதது நல்லதாகப் போயிற்று. கோவை என்பது கோத்தது. 2x³ − 5x² + 7 என்பதில் 2x³, −5x², 7 என்ற மூன்று உறுப்புகள் கூட்டல் என்னும் நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. கழித்தல் குறி அந்த உறுப்போடு ஒட்டியது என்பதை இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பாதிச் சிக்கல் அதில்தான் வரும். ஒரே மாறி ஒரே படியில் இருக்கும் உறுப்புகள் ஒத்த உறுப்புகள். மாறியின் முன்னால் நிற்கும் எண் கெழு. இலங்கையில் குணகம் என்பார்கள்.

இப்போது கட்டத்துக்கு வரலாம். 23 × 14-ஐ (20 + 3)(10 + 4) என்று எழுதிப் பாருங்கள். 20-க்கும் 10, 4 இரண்டும் போகும்; 3-க்கும் அவை இரண்டும் போகும். 200, 80, 30, 12. கூட்டினால் 322. பங்கீடு இரண்டு முறை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டம் என்பது இந்த நான்கு பெருக்கல்களில் எதுவும் விட்டுப்போகாமல் இருக்க அவற்றை உட்காரவைக்கும் இடம்.

கோவைகளுக்கும் இதே முறைதான். (2x + 3)(x² − 4x + 5) என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் கோவையில் 2 உறுப்புகள், இரண்டாவதில் 3. ஆகவே 2 நிரை, 3 நிரல். இடப்பக்கம் 2x, 3. மேலே x², −4x, 5. குறிகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

| | x² | −4x | 5 |
|---|---|---|---|
| 2x | 2x³ | −8x² | 10x |
| 3 | 3x² | −12x | 15 |

ஒவ்வொரு அறையிலும் அதன் இடப்பக்க உறுப்பையும் மேல் உறுப்பையும் பெருக்கி வைக்கிறோம். எண்ணோடு எண்ணைப் பெருக்க வேண்டும், x-இன் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். 2x × x² = 2x³. 2x × (−4x) = −8x². 6 அறையும் நிரம்பிவிட்டதா? அப்புறம் ஒத்த உறுப்புகளைத் தேடுங்கள். அவை மேலிருந்து இடமாகக் கீழே இறங்கும் சாய்கோட்டில் உட்கார்ந்திருக்கும்: −8x²-க்கு இடப்பக்கக் கீழ் மூலையில் 3x², 10x-க்கு அதேபோல் −12x. சேர்த்தால் −5x², −2x. விடை:

2x³ − 5x² − 2x + 15

ஈருறுப்புக் கோவைகளுக்கு முதல், வெளி, உள், கடைசி என்று ஒரு வாய்பாடு சொல்லித் தருவார்கள். அது நான்கு பெருக்கலுக்கு மட்டும் செய்யப்பட்டது; மேலே உள்ள கணக்கில் வேலைக்கு ஆகாது. முதலிலிருந்தே கட்டத்தைப் பழகிவிடுவது மேல் என்பது என் எண்ணம்.

(x + 3)² = x² + 9 என்ற பிரபலமான தவறும் கட்டத்தில் சட்டென்று தெரிந்துவிடும். (x + 3)(x + 3)-க்கு 4 அறைகள். x²-உம் 9-உம் இரண்டு மூலைகளில் இருக்கின்றன. மற்ற இரண்டு அறைகளிலும் 3x, 3x இருக்கிறது. எனவே x² + 6x + 9. பங்கீடு என்பது கூட்டலின் மேல் பெருக்கலுக்கு உள்ள பண்பு. வர்க்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

பரப்புப் படமாகக் கட்டத்தைப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. −4x நீளமுள்ள பக்கம் என்று ஒன்றைப் பென்சிலால் வரைய முடியாது. எதிர்க்குறி வந்ததும் அதைச் செவ்வகமாக நினைப்பதை விட்டுவிட்டு வெறும் அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். பங்கீட்டுப் பண்பு எதிர் எண்களுக்கும் பொருந்துவதால் கணக்கு கெடாது.

சாய்கோட்டு வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. (x + 2)(x³ − 2x + 1)-இல் x² உறுப்பு இல்லை. அப்படியே கட்டம் போட்டால் −2x²-உம் 2x³-உம் ஒரே சாய்கோட்டில் வந்து உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் கணக்கு போச்சு. இல்லாத உறுப்புக்கு 0x² என்று ஓர் இடம் ஒதுக்கி, நிரலை நான்காக்குங்கள்:

| | x³ | 0x² | −2x | 1 |
|---|---|---|---|---|
| x | x⁴ | 0x³ | −2x² | x |
| 2 | 2x³ | 0x² | −4x | 2 |

இப்போது சாய்கோடுகள் ஒழுங்காக வரும்: x⁴ + 2x³ − 2x² − 3x + 2.

விடையைச் சரிபார்க்க மாறிக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் x = 1 போடுவார்கள், சுலபம் என்பதால். முதல் கணக்கில் கேள்விப் பக்கம் 5 × 2 = 10; விடைப் பக்கம் 2 − 5 − 2 + 15 = 10. சரி. ஆனால் 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 தானே. 2x³-க்குப் பதிலாக 2x² என்று எழுதியிருந்தாலும் இதே 10 வந்திருக்கும், பிழை தெரியாது. x = 2 போட்டால் அது மாட்டிக்கொள்ளும். கேள்விப் பக்கம் 7 × 1 = 7; சரியான விடைப் பக்கம் 16 − 20 − 4 + 15 = 7. அடுக்கைத் தவறாக எழுதியிருந்தால் 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 வந்து, கூட்டுத்தொகை −1 ஆகியிருக்கும்.